ஒரே போட்டோவில் டாக்டர், பைலட் போஸ்டர்: கேள்வி பதில்

அண்ணா, ஆறு வயது மகளின் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. அவள் முகத்தை வைத்து டாக்டர் உடையில் நிற்பது போல 12க்கு 18 இன்ச் போஸ்டர் வருமா?

உச்சந்தலையிலிருந்து தாடை வரை எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள், மொத்தப் படத்தின் அளவு முக்கியமில்லை. 700 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரில் பாப்பா 15 இன்ச் உயரத்துக்கு முழு உருவமாக நின்றால் தலை சுமார் இரண்டரை இன்ச் வரும். அந்த வயதில் தலை, உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இன்ச்சுக்கு 280 பிக்சல் கிடைப்பதால் பிரிண்ட் தெளிவாக இருக்கும். இடுப்பு வரை மட்டும் வைத்து முகத்தை 5 இன்ச் ஆக்கினால் 140தான், கிட்டப் பார்த்தால் கண்ணிமை மங்கிவிடும். அப்புறம், படத்தை எடுத்தவரிடம் டாகுமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் சுருக்காத படம் கைக்கு வரும்.

பைலட் ஒருவர் படத்தில் பையன் தலையை ஒட்டினேன், பொம்மை மாதிரி இருக்கிறது. கலர் சேரவில்லை என்று அதையே திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கலரை விடுங்கள், உடம்பு பெரியவருடையது. பெரியவருக்குத் தலை, உயரத்தில் ஏழரையில் ஒரு பங்குதான். அகன்ற தோளும் தடித்த கழுத்தும் வேறு. அதே வயதுப் பிள்ளை மாறுவேடப் போட்டிக்கு யூனிஃபார்ம் போட்ட படம் இருந்தால், அவர்கள் வீட்டில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஃபோட்டோஷாப்பின் Liquify-இல் தோளைக் குறுக்கி, காலைத் தனியாக வெட்டிக் குட்டையாக்குங்கள். தொப்பி வைத்தால் நெற்றியில் அதன் நிழல் விழ வேண்டும். Multiply லேயரில் அடர் பழுப்பு நிறத்தை லேசாகப் பூசுங்கள். கறுப்பு பூசினால் அழுக்கு போலத் தெரியும்.

முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், உடம்பில் வலப்பக்கம். முகத்தை ஃப்ளிப் செய்தால் போதும்தானே?

வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வர வேண்டும் என்பது சரி. ஆனால் திருப்ப வேண்டியது உடம்பை. முகத்தைத் திருப்பினால் வகிடும் மச்சமும் இடம் மாறும், அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். உடம்பைத் திருப்பிய பிறகு பெயர்ப்பட்டை எழுத்துகளையும், பைலட் என்றால் இடது மார்பில் இருக்கும் சிறகு சின்னத்தையும் பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சார், என் பையன் கலெக்டர் ஆகணும் என்கிறான். அந்த யூனிஃபார்ம் எங்கே கிடைக்கும்?

கலெக்டருக்கு யூனிஃபார்மே கிடையாது. முழுக்கைச் சட்டை, மேசை, கோப்புகள் போதும். சிங்கச் சின்னம் மட்டும் வேண்டாம், அதைப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு.

இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணுக்குப் பைலட் தொப்பி எப்படி வைப்பது?

எனக்கு இன்னும் திருப்தியாக வரவில்லை. காதுக்கு மேல் முடி துருத்தி நிற்கிறது, அதை அழித்தால் முகமே வேறாகிவிடுகிறது. இப்போதைக்குத் தொப்பியைக் கையில் பிடித்திருப்பது போல வைக்கிறேன்.

தொப்பி இல்லாவிட்டால் பைலட் என்று யாருக்குத் தெரியும்?

தோளில் நான்கு பட்டை போடுங்கள், கேப்டனுக்கு அதுதான். மூன்று போட்டால் துணை விமானி.