படிகாரப் படிகம்: நூலில் கட்டியது கரைவதும், அடியில் பொடியாய்க் குவிவதும்

கேள்வி: பழுப்பேறிய படிகாரக் கட்டியை வெந்நீரில் கரைத்து, ஒரு குட்டிப் படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முதல் தடவை அது கரைந்தே போனது. இரண்டாம் தடவை ஜாடி அடி முழுக்கப் பொடிப்படிகம். நூலில் இருந்தது கலங்கலாக, அழுக்கு நிறத்தில் வந்தது. எங்கே தப்பு?

இரண்டு வேலைகளை ஒரே ஜாடியில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். அழுக்கு நீக்குவது ஒரு வேலை, பெரிதாக வளர்ப்பது இன்னொன்று. இரண்டிலும் கரைசல் ஒன்றுதான், ஆனால் அதை நடத்தும் விதம் வேறு. முதலில் சுத்தம் செய்துவிட்டு, அதில் கிடைக்கும் பொடியை வைத்து வளர்க்க வேண்டும்.

பொட்டாஷ் படிகாரம் 100 மி.லி. தண்ணீரில் 60 டிகிரியில் சுமார் 57 கிராம் கரையும். 30 டிகிரியில் 17 கிராம்தான். பனிக்கட்டி நீரின் குளிரில் 5, 6 கிராம். உங்கள் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது.

சுத்தம் செய்வதை முதலில் பார்ப்போம். 100 கிராம் அழுக்குப் படிகாரத்தை 60 டிகிரிக்குச் சூடாக்கிய 200 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். கணக்குப்படி 114 கிராம் வரை கரைய இடமிருக்கிறது. ஆனாலும் இன்னொரு 30 மி.லி. வெந்நீர் சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வடிகட்டும்போது புனலின் காம்பிலேயே படிகம் கட்டி அடைத்துக்கொள்ளும். எனக்கு இது நடந்திருக்கிறது. பாதிச் சரக்கு வடிதாளில் உறைந்து நின்றது. புனலையும் வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொண்டு, ஆறுவதற்குள் வடிகட்டுங்கள். மண், தூசி, துரு போன்ற கரையாத அழுக்கெல்லாம் தாளில் தங்கிவிடும்.

கரைந்து கலந்திருக்கும் அழுக்கு தாளில் நிற்காது. அதற்குத்தான் மறுபடிகமாக்கல். கட்டியில் 2 கிராம் சாதாரண உப்பு கலந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைசலைப் பனிக்கட்டி நீரில் குளிர வைத்தால் 87 கிராம் அளவுக்குப் படிகாரம் படிகமாகி வெளியே வரும். உப்போ, 230 மி.லி. தண்ணீரில் அந்த 2 கிராம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்பதால், கரைசலிலேயே இருந்துவிடும். வடிகட்டியதும் அந்தத் தாய்க்கரைசலோடு வெளியே போய்விடும். படிகங்களின் மேல் ஈரமாக ஒட்டியிருக்கும் 10 மி.லி.யில் மட்டும் அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தங்கும். ஐஸ் தண்ணீர் 20 மி.லி. எடுத்து, இரண்டு தவணையாக ஊற்றிக் கழுவினால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். இதில் ஒரு கிராம் படிகாரம் கரைந்து வீணாகும், பரவாயில்லை. வெந்நீரில் கழுவினீர்களோ, கிடைத்ததே கரைந்து ஓடும்.

இங்கே பெரிய படிகத்துக்கு ஆசைப்படாதீர்கள். குளிர்வது மிதமாக இருந்து, கடுகளவுப் படிகங்களாக வந்தால் போதும். வேகமாக வளரும் பெரிய படிகம் தாய்க்கரைசலைச் சின்னச் சின்னப் பைகளாகத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். உங்கள் படிகம் கலங்கலாகவும் நிறமாகவும் இருந்தது பெரும்பாலும் இதனால்தான். உள்ளே சிக்கிய அழுக்கை எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது.

இந்த முறைக்கும் பிடிபடாத அழுக்கு ஒன்று உண்டு. குரோம் படிகாரம் கொஞ்சம் கலந்திருந்தால், அதன் அமைப்பும் இதன் அமைப்பும் அச்சில் வார்த்தது போல் ஒன்று என்பதால், அது படிகத்துக்குள்ளேயே இடம்பிடித்து உட்கார்ந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் ஊதாச் சாயல் எளிதில் போகாது.

இப்போது வளர்ப்பதற்கு வருவோம். உங்கள் முதல் தோல்வியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியை ஒட்டி, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 100 மி.லி.க்கு அரை கிராமுக்கு மேல் கூடுதலாகக் கரையும். அரை லிட்டர் ஜாடியில் அது சுமார் 3 கிராம். நீங்கள் கட்டிய விதைப் படிகம் எவ்வளவு இருந்திருக்கும்? 5 மி.மீ. படிகம் என்றால் அரைக்கால் கிராம்கூட வராது. கரைசல் கையில் தொட்டால் ஆறியது போலத் தெரியும், ஆனால் அறையை விட இரண்டு டிகிரி சூடாக இருக்கும். அது தெவிட்டாத கரைசல்; விதையை அப்படியே விழுங்கிவிடும். நானும் முதல் விதையை இப்படித்தான் ஒரே மதியத்தில் இழந்தேன், ஜன்னல் வெயில் படும் இடத்தில் ஜாடியை வைத்து.

இரண்டாம் தோல்வி இதற்கு நேர் எதிர். 60 டிகிரியில் தெவிட்டிய அரை லிட்டரை 30க்கு ஆறவிட்டால், 200 கிராம் படிகாரம் வெளியே வந்தாக வேண்டும். அவ்வளவும் ஒரு விதையின் மேல் ஒட்டப் பொறுமை கிடையாது. தூசி, ஜாடியின் கீறல், நூலின் நார் என்று எங்கே இடம் கிடைத்தாலும் புதுப்படிகம் பிறக்கும்.

ஆகவே, சுத்தமான பொடியில் 500 மி.லி. தண்ணீருக்கு 90 கிராம் எடுத்து, சூட்டில் முழுக்கக் கரைத்து, அறை வெப்பத்துக்கு நன்றாக ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் படிகம் இறங்கும். ஒரு ராத்திரி அப்படியே விட்டால், மேலே இருப்பது அந்த வெப்பத்துக்குச் சரியாகத் தெவிட்டிய கரைசல். அதைப் புது ஜாடிக்கு வடித்துக்கொள்ளுங்கள். அடியில் கிடப்பவற்றில் முகம் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு எண்முகியைப் பொறுக்கி, தண்ணீரில் ஒரு நொடி முக்கி எடுத்து (மேலே ஒட்டிய பொடி போக), மெல்லிய நைலான் இழையில் முடிந்து தொங்கவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், அதன் நாரெல்லாம் படிகம் காய்க்கும்.

தொங்கவிட்ட உடனே, ஜாடிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, படிகத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். வெந்நீரில் தெரிவது போன்ற நெளிகோடுகள் தெரியும். அவை படிகத்திலிருந்து கீழே இறங்கினால் படிகம் கரைகிறது. கரைந்ததால் கனத்த கரைசல் இறங்குகிறது. உடனே வெளியே எடுங்கள். மேலே ஏறினால் வளர்கிறது. சரக்கைக் கொடுத்து இலேசான கரைசல் எழும்புகிறது. நாட்கணக்கில் காத்திருந்து ஏமாறுவதை இந்த ஒரு பார்வை மிச்சப்படுத்தும்.

இதன் பிறகு வளர்ச்சியை ஆவியாதலிடம் விட்டுவிடலாம். வாயை வடிதாளால் மூடி, வெயிலும் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். முடிந்தால் பெரிய வாளித் தண்ணீருக்குள் ஜாடியை நிறுத்துங்கள், பகலும் இரவும் வெப்பம் அலைவது அடங்கும். நாளுக்கு 10 மி.லி. தண்ணீர் போனால் ஒன்றரை கிராம் படிகாரம் வெளியே வரும். இரண்டு வாரத்தில் 20 கிராம் சேர்ந்தால், விளிம்பு சுமார் 3 செ.மீ. உள்ள எண்முகி.

ஆனால் அடியில் புதுப்படிகம் முளைத்ததென்றால் அது பங்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். படிகத்தை வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். கரைசலை அடிப்படிகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, முன்போலவே ஆறவிட்டு வடித்து, திரும்பத் தொங்கவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

போதும் என்று எடுக்கும்போது துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்: 90 டிகிரியைத் தாண்டினால் படிகாரம் தன் படிக நீரிலேயே உருகும். உலர்ந்த சூட்டில் நாளானாலும் அந்த நீரை இழந்து மேற்பரப்பு வெளுக்கும். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடித்து வைத்தால் பளபளப்பு நிற்கும்.