மாமியார் கொதிக்க வைப்பது சரி, ஊற்றும் இடம்தான் தவறு

"என் குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் போதாததால் டாக்டர் சொன்னபடி இரண்டு வேளை பால் பவுடர் கொடுக்கிறோம். கண்ணாடி பாட்டில் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? 'பிபிஏ இல்லை' என்று போட்டிருந்தால் போதுமா? மூன்று வாரமாக விசாரித்தும் தெளிவில்லை. இப்போது பிளாஸ்டிக்தான். மாமியார் கொதிக்கும் தண்ணீரை அதிலேயே ஊற்றி, பவுடரைப் போட்டுக் குலுக்குவார். அவர் மனம் நோகக் கூடாதென்று நான் எதுவும் சொல்வதில்லை. பரிசாக வந்த லோஷன், பவுடர் செட்டைப் பயன்படுத்தலாமா?"
- வாசகி, ஈரோடு

மூன்று வாரம் விசாரித்தீர்கள், சரி. நாளுக்கு இரண்டு வேளை என்றால் அதற்குள் 42 முறை கொதிநீர் அந்தப் பிளாஸ்டிக்கில் விழுந்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் பிபிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதில்லை. பிபிஏ வருவது பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கிலிருந்து. பால் பாட்டிலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-லேயே விதித்துவிட்டது. ஆகவே கடையில் அந்த வாசகத்தைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை. பரணில் கிடக்கும் பழைய பாட்டிலை மட்டும் எடுத்துக் கழுவிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாலிபுரொப்பிலீனுக்குச் சூடு ஆகாது. 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இத்தகைய பாட்டில்களில், பவுடர் கலக்கும் அதே முறையில் நீரை ஊற்றிக் குலுக்கிப் பார்த்தார்கள். 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. 95 டிகிரியில் அது ஐந்தரைக் கோடி. இத்துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்யும் என்பதில் மருத்துவம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வராத வரை உதிராமல் பார்த்துக்கொள்வோம் என்பது என் கட்சி.

உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கத் தொடங்கிவிடாதீர்கள்! பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளல்ல. டப்பாவுக்குள்ளேயே கிருமி இருக்கலாம் என்பதால், குறைந்தது 70 டிகிரி நீரில்தான் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, கொதிக்க வைக்கும் உங்கள் மாமியார் உங்களைவிடச் சரியாகத்தான் இருக்கிறார். அவர் மாற்ற வேண்டியது பாத்திரத்தை மட்டும்.

கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளர் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டு, கண்ணாடி அளவுக் குவளையில் அளந்து டம்ளரில் ஊற்றுங்கள். டப்பாவில் சொன்ன கணக்குப்படி, அதனுடன் வந்த கரண்டியால் தலைதட்டி அளந்த பவுடரைப் போட்டு, சுத்தமான ஸ்பூனால் கலக்குங்கள். டம்ளரைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும். பாட்டிலையும் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். அது ஆறியதும், பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்த நீரால் மூன்று முறை அலசிவிடுங்கள். இத்தனை வேலை எதற்கு என்று தோன்றினால் சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி பாட்டில் வாங்குங்கள். கீழே விழுந்தால் உடையும், அவ்வளவுதான். நிப்பிள் பிசுபிசுத்தாலோ, உப்பினாலோ, கீறல் விழுந்தாலோ அன்றே தூக்கிப் போடுங்கள்.

லோஷனின் பட்டியலில் 'ஃபிராகிரன்ஸ்', 'பர்ஃப்யூம்' என்று இருந்தால் வேண்டாம். 'வாசனையற்றது' என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள், ஒரு நெடியை மறைக்க இன்னொரு மணத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. உடம்பில் பூசும் எந்தப் பவுடரும் தேவையில்லை. குழந்தை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். பரிசு கொடுத்தவர் கேட்டால் நன்றி சொல்லுங்கள், போதும்.

இனி மாமியார். வாய்மூடி இருப்பதை நீங்கள் மரியாதை என்கிறீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பேரனுக்கோ பேத்திக்கோ ஆகாததைத் தன் கையாலேயே செய்யவிட்டு, பிற்பாடு அவருக்கே அது தெரியவந்தால் எவ்வளவு வலிக்கும்? "அத்தை, நீங்கள் கொதிக்க வைப்பது சரிதான், டம்ளரில் கலந்து ஆற்றி ஊற்றிவிடலாம்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அதற்கும் நா எழவில்லை என்றால், அவர் பெற்ற பிள்ளை சொல்லட்டும். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், குழந்தையின் அப்பா ஒரு வரியில்கூட இல்லை. இன்று ராத்திரிப் பாலை அவரைக் கலக்கச் சொல்லுங்கள்.