குன்றிமணிக் கண்ணும் துண்டுச் சீட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் கடலூர் மாவட்டத்தில் மண்பாண்டம் செய்யும் குடும்பம். விநாயகர் சதுர்த்திக்கு அச்சில் பிள்ளையார் பிடித்து விற்கிறோம். இந்த ஆண்டு சிலையோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கலாம் என்று என் மகன் இப்படி எழுதியிருக்கிறான்: "ரசாயனப் பிள்ளையார் விஷம்! ஏரியைக் கொல்லும் பாவத்தில் பங்கு வேண்டாம். மண் பிள்ளையாரே உண்மையான பக்தி." எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்குபவருக்கு விவரம் தெரிய வேண்டும். வேறு பிள்ளையார் வாங்கியவர் மனம் நோகவும் கூடாது. எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிள்ளையாரின் கண்ணிலிருந்து தொடங்குகிறேன். அச்சிலிருந்து எடுத்த ஈரம் காயும் முன்பே இரண்டு குன்றிமணிகளைப் பதித்துவிடுவீர்கள். அந்தக் கண் வைத்த பிறகுதான் களிமண் பிள்ளையாராகிறது. ஆனால் குன்றிமணியின் பருப்பு கொடிய நஞ்சு. ஓடு உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சிலையைக் கரைத்த வாளியின் அடியில் சிவப்பும் கறுப்புமாக அது பளபளப்பதைக் கண்டால் எந்தக் குழந்தையும் கையில் எடுக்கும். விஷம் என்ற சொல்லை அடுத்தவர் சிலைமேல் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டில், நம் சிலையின் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது நியாயமில்லை. சீட்டின் முதல் எச்சரிக்கை இதுவாகவே இருக்கட்டும்: கரைப்பதற்கு முன் கண்களை எடுத்துக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பற்றி உங்கள் மகன் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லைத்தான் மாற்ற வேண்டும். அது ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கிப் பெறும் மாவு. தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2.4 கிராம்தான் கரையும். ஒரு கிலோ சிலை முழுவதும் கரைய 400 லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் அது ஏரியின் அடியில் உருவம் கலையாமல் கிடக்கிறது. நீருக்கு அதிகக் கெடுதல் மேலே அடித்த பெயின்டில் இருக்கலாம். சில பெயின்டுகளில் ஈயம் போன்ற உலோகங்கள் உண்டு. இந்த இடத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மண் சிலைக்கு எனாமல் அடித்து விற்றால், உள்ளே இருப்பது மண் என்பதால் அந்தப் பெயின்ட் நல்லதாகிவிடாது. உங்கள் சிலையில் என்ன பூசியிருக்கிறீர்கள், காவியா, மஞ்சளா, ஒன்றுமே இல்லையா என்று சீட்டில் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் 'மண் பிள்ளையார்' என்ற சீட்டைப் பார்த்து ஒன்று வாங்கினேன். செங்காவி நிறம், அழகான தும்பிக்கை. மூன்றாம் நாள் வாளியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் தும்பிக்கையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அது சூளையில் சுட்ட சிலை. ஒரு முறை சுட்ட மண் மறுபடி களிமண்ணாகாது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்க வந்த எனக்கு அன்று தெரியாது. விற்றவர் பொய் சொல்லவில்லை, 'சுட்டது' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார். பல வீடுகளில் ஏமாற்றம் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே உங்கள் சீட்டில் 'சுடாத பச்சைக் களிமண்' என்ற மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற வாக்கியம் இல்லாமலே அவை போதும்.

அடுத்தது கரைவது. நன்றாக உலர்ந்த களிமண்ணை நீரில் வைத்தால் நுண்துளைகளில் தண்ணீர் ஏறும், உள்ளிருக்கும் காற்று சிறு குமிழிகளாக வெளியேறும், மண் பொரிந்து பொலபொலவென்று உதிரும். உள்ளே ஈரம் இருந்தால் இது நடக்காது. மேலே வழுவழுப்பாகிக் கட்டியாகவே கிடக்கும். சதுர்த்திக் காலையில் பிடித்த கெட்டியான சிலையை மூன்றாம் நாள் கரைத்தால் நடுவில் ஈரக் கட்டி மிஞ்சும். வாங்கியவர் 'இதுவும் கரையவில்லையே' என்பார். தெய்வ உருவத்தைக் கையால் உடைக்க அவருக்கு மனம் வராது.

சீட்டு அச்சுக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரே அச்சில் இரண்டு சிலை பிடியுங்கள். ஒன்றை மூன்று நாளும் மற்றதைப் பத்து நாளும் நிழலில் உலர்த்தி, தனித்தனி வாளியில் மூழ்க வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு மண் அந்த நேரம் மாறும். உங்கள் வாளியில் கண்ட நேரத்தைத்தான் எழுத வேண்டும். என்னுடையதையோ வேறு கடைக்காரருடையதையோ அல்ல.

நான் எழுதினால் சீட்டு இப்படி இருக்கும். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"இது சுடாத பச்சைக் களிமண் பிள்ளையார். எடை ___. பூசியிருப்பது ___. கண்கள் குன்றிமணி; கடித்தால் நஞ்சு, கரைக்கும் முன் எடுத்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும், நிழலில் வையுங்கள். மெல்லிய கீறல் விழுவது களிமண்ணின் இயல்பு. பூஜை முடிந்ததும் மாலையையும் குடையையும் எடுத்துவிட்டு, முழுவதும் உலர்ந்த பிறகு வாளி நீரில் வையுங்கள். எங்கள் வீட்டில் கரைய ஆன நேரம் ___ மணி. தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம், மண்ணைத் தோட்டத்து மண்ணோடு கலந்துவிடலாம். உங்கள் வீட்டில் பித்தளை, கல் அல்லது வேறு பிள்ளையார் இருந்தால் அவரையே வைத்து வழிபடலாம். கரைக்க வேண்டும் என்றில்லை."

கடைசி வரி வியாபாரத்தைக் கெடுக்கும் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். போன ஆண்டு வாங்கிய வண்ணச் சிலையை அலமாரியில் வைத்திருக்கும் ஒரு பெண்மணி இந்தச் சீட்டைப் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் குழந்தை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கலாம். தூக்கிச் செல்ல எளிதாக இருந்திருக்கலாம். 'பாவம்' என்று அச்சடித்தால் அவர் கடைப்பக்கமே திரும்ப மாட்டார். அவருக்கு இப்போது தேவை ஒரு வழி. 2020-ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை சொல்கின்றன; நம் மாநில வாரியமும் நீர்நிலைகளில் அவற்றைக் கரைக்க வேண்டாம் என்கிறது. நேரில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கூடவே, அந்தச் சிலையைத் துடைத்து வைத்து ஆண்டுதோறும் வழிபடலாம், ஒரு குவளை நீர் தெளித்து வழியனுப்பலாம் என்றும் சொல்லுங்கள். புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் காட்டிய முறைப்படி, அமோனியம் பைகார்பனேட் கலந்த நீரில் இந்தச் சிலைகளை வீட்டிலேயே சிதைக்கிறார்கள். சிலை சுண்ணாம்புச் சேறாக மாறுகிறது, மேலே நிற்கும் நீரில் உரமாகப் பயன்படும் அமோனியம் சல்பேட் இருக்கிறது. அமோனியா நெடி அடிக்கும் என்பதால் அதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் சீட்டில் ஏற்ற வேண்டாம், இடம் போதாது. சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தால் வாளியில் பாதி உதிர்ந்த உங்கள் பிள்ளையாரின் படத்தைப் போடுங்கள், எத்தனையாவது மணியில் எடுத்த படம் என்று அடியில் குறித்து.