வெபரின் அதிகாரவர்க்கம்: முதலாண்டு மாணவர்களின் கேள்விகள்

வெபரின் ‘இலட்சிய மாதிரி’ என்றால், இதுதான் ஆகச்சிறந்த நிர்வாகம் என்று பொருளா?

இல்லை. விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் தவறு இது. நிஜ அலுவலகங்களை ஒப்பிட்டுப் பார்க்க, சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வரைந்துகொண்ட தூய வடிவம் அது; ஓர் அளவுகோல், அவ்வளவுதான். துல்லியத்திலும் வேகத்திலும் பழைய முறைகளை அதிகாரவர்க்கம் மிஞ்சும் என்று அவர் நம்பினார். அது மனிதரை அடைக்கும் கூண்டாகிவிடுமோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

‘ஆள் சார்பற்ற பதவி’ என்பது புரியவே இல்லை. அதிகாரிக்கு இரக்கம் கூடாதா?

இரக்கத்தை விடுங்கள், முதலில் பதவி யாருடையது என்று பார்ப்போம். ஊர்க் கணக்கெழுதிய பழைய கர்ணத்தைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1895ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப்படி கர்ணம் வேலை பரம்பரைச் சொத்து மாதிரி. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை. ஊர்க் கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் யாருக்கும் வியப்பில்லை. பதவி, வீடு, குடும்பம் எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடக்கும் இதைத்தான் வெபர் மரபுவழி அதிகாரத்தில் சேர்ப்பார்.

வம்சாவளியை வைத்து அரசுப் பதவி தருவது அரசியலமைப்பின் 16ஆவது பிரிவுக்கு முரண் என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் தொடர்ந்தார்கள். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்தப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அப்புறம் வந்தவர்தான் தேர்வெழுதி, முழுநேரச் சம்பளம் வாங்கும் கிராம நிர்வாக அலுவலர், நாம் வி.ஏ.ஓ. என்பவர். அவர் மாறுதலில் போகும்போது ஊரின் நிலக் கணக்குகளான அடங்கலும் ‘அ’ பதிவேடும் அடுத்தவர் கைக்குப் போகும். நாற்காலி அவருடையது அல்ல. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் விதிப்படி நடப்பதும் இதிலிருந்தே வருகிறது.

படிநிலை என்றால் மேலிருந்து கீழே உத்தரவு வருவதுதானே?

பாதி சரி. கீழிருந்து மேலே முறையிடும் வழியும் அதில் உண்டு, வெபரே இதைச் சொல்கிறார். பட்டா மாறுதலை வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. மறுத்ததற்கான காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் மேலே இருப்பவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? கோப்பு இங்கேதான் அவசியமாகிறது.

அப்படியானால் விதிகளால் தாமதம் வருகிறதே?

வரும். 1940இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை இலக்கு இடம்மாறுதல் என்றார்: வேலைக்காக வந்த விதி, நாளடைவில் தானே வேலையாகிவிடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். அந்த அலுவலகத்திலேயே இருக்கும் பதிவேட்டின் நகலை மனுதாரரிடம் கேட்கிறார்களா? ஏன் என்று விசாரியுங்கள். “எப்பவும் அப்படித்தாங்க வாங்குவோம்” என்று பதில் வந்தால் மெர்ட்டன் சொன்னது அங்கே நடக்கிறது.