டேக்லைனில் யாரை முன்னால் நிறுத்துவது?

"மரச்செக்கு எண்ணெய்க் கடை ஆரம்பிக்கிறோம். டேக்லைன்ல அப்பாவோட அனுபவத்தைச் சொல்லலாமா, எண்ணெயைப் பத்திச் சொல்லலாமா, இல்ல வாங்குறவங்களைப் பத்திச் சொல்லலாமா?"

எண்ணெய்க் கடைக்கு என்றால் எண்ணெயைப் பற்றித்தான் சொல்லுங்கள். வாங்க வருகிறவர் மனதில் இருக்கும் சந்தேகம் எதைப் பற்றியதோ, அதற்கு அந்த வரி பதிலாக இருக்க வேண்டும். எண்ணெயில் சந்தேகம் ஒன்றுதான்: கலப்படம்.

ஈரோடு பக்கம் கடைப் பலகையும் லேபிளும் வடிவமைத்துத் தருவது என் தொழில். செக்கு போட்ட ஒரு அக்கா முதலில் எழுதி வந்த வரி, "உங்கள் ஆரோக்கியமே எங்கள் லட்சியம்". கடைப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு அதைப் படிக்கச் சொன்னேன். மருந்துக் கடைக்கும் பொருந்தியது, ஜிம்முக்கும் பொருந்தியது. வாடிக்கையாளரைப் பற்றி எழுதுவதாக நினைத்து எழுதும் வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் யாருக்கும் சொந்தமில்லாமல் போகின்றன.

அடுத்து "இன்று ஆட்டிய எண்ணெய்" என்றார். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் உண்மை இல்லை. ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகுதானே தெளிவை எடுத்து விற்கிறார்கள்? விவரம் தெரிந்த ஒரு பாட்டி கேட்டுவிட்டால் மானம் போய்விடும்.

பிறகு ஒரு காலை முழுக்க அவர் கடையிலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதை அப்படியே எழுதிக்கொண்டேன். "எப்ப ஆட்டுனது?" "நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடறீங்களா, வெல்லமா?" "நான் எள்ளு கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா?" கடைசிக் கேள்வியை மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். அதையே திருப்பிப் போட்டோம்: "எள்ளு உங்களது, ஆட்டுவது உங்கள் கண் முன்னால்." பொருளைப் பற்றிய வரிதான், ஆனால் வாங்குகிறவரும் அதற்குள் நிற்கிறார். நரசுஸ் காபியின் "பேஷ் பேஷ்" விளம்பரமும் இந்த வகைதான். காபியைப் புகழ்வது கம்பெனி இல்லை, குடித்தவர்.

இந்த வரிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியூருக்குப் பாட்டிலில் போகும்போது "கண் முன்னால்" என்பது எடுபடாது. அதனால் பாட்டில் லேபிளில் அதை எடுத்துவிட்டு, ஆட்டிய தேதியைப் பெரிதாகப் போட்டோம்.

அப்பாவை முன்னிறுத்துவது எப்போது சரி என்றால், அவர் கையாலேயே வேலை நடக்கும்போது. தையல், சமையல், வர்மம் மாதிரியான தொழில்களில் ஆளை நம்பித்தான் வருவார்கள். உங்கள் செக்கை நாளைக்கு ஓர் ஆள் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், "முப்பது வருட அனுபவம்" என்ற பலகையைப் பார்த்து வருகிறவர் முதலில் அப்பாவைத்தான் தேடுவார். அவர் பெயர் கடைப் பெயரிலேயே இருக்கட்டும், அதற்குக் கீழே வரும் வரியை எண்ணெய்க்கு விட்டுவிடுங்கள்.

பலகைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.