கையெழுத்தே ஆகவில்லை, கூலி கேட்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு ஊழியர் பயிற்சி வீடியோக்கள் செய்துதரப் பேசினேன். மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினேன், பிடித்துவிட்டது. "ஒப்பந்தம் சட்டப் பிரிவில் இருக்கிறது, நீங்கள் வேலையைத் தொடங்குங்கள்" என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். இதுவரை ஏழு வீடியோ கொடுத்திருக்கிறேன். ஐந்தைப் பயன்படுத்துகிறார்கள். விலைதான் முடிவாகவில்லை, நான் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது புது மேலாளர் வந்து, "கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை, அதனால் பணமும் இல்லை. மூன்று வாரம் தாமதம் வேறு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். "வேலையைத் தொடங்குங்கள்" என்ற அந்த வரியில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது.

ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணமும் இல்லை என்று புது மேலாளர் நினைப்பது தவறு. ஒருவர் கேட்டு, இன்னொருவர் செய்து கொடுத்து, கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டால், அதற்கு நியாயமான தொகை கொடுக்க வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் பழைய விதி. லத்தீனில் 'குவாண்டம் மெரூயிட்' என்பார்கள். அவருக்கு எவ்வளவு தகுமோ அவ்வளவு என்று பொருள். அந்த மரபில் வந்த நாடுகளில் இது தீர்ப்புகளாகவோ சட்டப் பிரிவாகவோ இருக்கும். வாசகம் கொஞ்சம் மாறும், கரு ஒன்றுதான்.

உங்கள் கதையைப் போலவே ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. 1979-இல் ஒரு கட்டடத்துக்காக, கிளீவ்லேண்ட் பிரிட்ஜ் என்ற நிறுவனத்துக்கு வார்ப்பு எஃகு இணைப்புகள் தேவைப்பட்டன. 'முறையான ஒப்பந்தம் பிறகு வரும், இப்போது வேலையைத் தொடங்குங்கள்' என்ற பொருளில் அது பிரிட்டிஷ் ஸ்டீலுக்குக் கடிதம் எழுதியது. பிரிட்டிஷ் ஸ்டீலும் இணைப்புகளைச் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தது. விலை, நிபந்தனைகள், பொருள் வந்துசேரும் தேதி பற்றிய பேச்சு மட்டும் முடியவேயில்லை. கடைசியில் பிரிட்டிஷ் ஸ்டீல் சுமார் 2,29,000 பவுண்டு கேட்டது. எதிர்த்தரப்போ தாமதத்தால் தனக்கு 8,67,000 பவுண்டுக்கு மேல் நஷ்டம் என்று எதிர்வழக்குப் போட்டது. ஒப்பந்தமே உருவாகவில்லை என்றார் நீதிபதி. அதனால் தாமத நஷ்டஈடு கிடையாது. ஆனால் கேட்டு வாங்கிய பொருளுக்கு நியாயமான தொகை உண்டு.

உங்கள் புது மேலாளர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒப்பந்தம் இல்லை என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, ஒப்பந்தப்படி தேதி தவறியது என்று மறுபக்கம் சொல்ல முடியாது. தேதியும் ஒப்பந்தத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? இது உங்களுக்கும் பொருந்தும்: பாக்கி வீடியோக்களின் வேலையை உங்களுக்குத்தான் தர வேண்டும் என்று நீங்கள் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சரி, எந்தெந்த வேலைக்குக் கேட்கலாம்? மாதிரி வீடியோவை விட்டுவிடுங்கள். அது வேலையைப் பிடிப்பதற்காக நீங்கள் போட்ட முதலீடு. இங்கிலாந்தில் நடந்த ரீகேலியன் வழக்கில், ஒரு கட்டட நிறுவனம் ஒப்பந்தம் கைக்கு வரும் என்று நம்பி ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு செலவு செய்தது. ஒப்பந்தம் ஆகவில்லை, ஒரு பைசா கிடைக்கவில்லை. 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டு', அதாவது ஒப்பந்தம் ஆகும்வரை யாரையும் கட்டாது, என்று சொல்லித்தான் இரு தரப்பும் பேசியிருந்தார்கள். அதனால் அவரவர் செலவு அவரவர் ஆபத்தில் என்றது நீதிமன்றம். உங்கள் மின்னஞ்சல்களில் எங்காவது 'ஒப்பந்தத்துக்கு உட்பட்டு' என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். இருந்தால் வழக்கு பலவீனப்படும், ஆனால் செத்துவிடாது. ரீகேலியனில் செலவு, அந்த ஒப்பந்தத்தைப் பெறவும் நிறைவேற்றவும் அந்த நிறுவனம் தன்னைத் தயார் செய்துகொள்ள. உங்களிடமோ வேலையையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டு, நீங்கள் கொடுத்து, அவர்கள் திருப்பி அனுப்பாத ஏழு வீடியோக்களையும் கணக்கில் சேருங்கள். ஐந்தைப் பயன்படுத்துவது வலுவான சாட்சி. மீதி இரண்டையும் கேட்டுத்தானே செய்தீர்கள்? அலமாரியில் கிடக்கிறது என்பதால் மட்டும் அவற்றின் தொகை போய்விடாது. கேட்காமல் நீங்களாகச் சேர்த்துக் கொடுத்தது ஏதாவது இருந்தால், அதைப் பட்டியலில் போடாதீர்கள். ஒரு பொய்க்கணக்கு மற்ற கணக்கையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

அடுத்து எவ்வளவு என்ற கேள்வி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நீங்கள் எத்தனை இரவு கண்விழித்தீர்கள் என்பது அளவுகோல் இல்லை. இந்த வேலையை உங்கள் நிலையில் உள்ள ஒருவர் சந்தையில் என்ன விலைக்குச் செய்வார் என்பதுதான் தொடக்கம். பேரத்தில் சொன்ன விலைகளும் வெறும் சாட்சிதான். பெனெடெட்டி வழக்கில், ஓர் இடைத்தரகருக்கு ஒரு கட்டத்தில் 7.5 கோடி யூரோ வரை தர முன்வந்திருந்தார்கள். ஆனாலும் 2013-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருடைய சேவையின் சந்தை மதிப்பு 3.63 கோடி யூரோ என்றே எடுத்துக்கொண்டது. அதைவிட அதிகமாக அவர் ஏற்கெனவே வாங்கியிருந்ததால் மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் அவர்கள் குறைத்துக் கேட்ட விலையும் நீங்கள் சொன்ன விலையும் இரண்டு முளைகள் மாதிரி. உண்மையான தொகை பெரும்பாலும் அவற்றுக்கு இடையில் விழும். இதே நீளம், இதே தரத்துக்கு மற்ற இரண்டு மூன்று தயாரிப்பாளர்களிடம் எழுத்தில் விலை வாங்கி வையுங்கள். உங்கள் தவறால் திரும்பச் செய்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். வீடியோவில் குறை இருந்தால் அந்த அளவுக்கு மதிப்பு குறையும். தாமதத்துக்கு நேரடியாக நஷ்டஈடு கேட்க முடியாதவர்கள் அந்த வழியில் வருவார்கள்.

இன்னொன்று. கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் உருவாகியிருக்கலாம். 2010-இல் ஆர்டிஎஸ் வழக்கில், கையெழுத்தான பிறகுதான் செல்லும் என்று வரைவில் எழுதியிருந்தும், இரு தரப்பின் நடத்தையால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. உங்களுக்கு விலையே முடிவாகாததால் அந்த வழி கடினம். இருந்தாலும் உங்கள் வக்கீல் இரண்டையும் எழுதட்டும்: ஒப்பந்தம் உண்டென்றால் அதன்படி, இல்லையென்றால் நியாயமான தொகை. ஒப்பந்தம் பின்னால் செல்லாமல் போனாலும் இந்த விதி உதவும். நிறுவனத்தின் சார்பில் முடிவெடுக்கத் தகுதி இல்லாத இயக்குநர்கள் நியமித்த ஒரு மேலாண்மை இயக்குநருக்கு, நியமனம் செல்லாது என்றபோதும், 1936-இல் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைத்தது.

முதல் கடிதத்தைச் சண்டைக் கடிதமாக்க வேண்டாம். ஏழு வீடியோக்களின் பெயர், ஒவ்வொன்றும் கேட்கப்பட்ட தேதி, கொடுத்த தேதி, பயன்படுத்தும் இடம், நீங்கள் கேட்கும் தொகை, அது சந்தை விலை என்பதற்கு ஆதாரம் ஆகியவற்றை எழுதி, பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். பழைய மேலாளரின் மின்னஞ்சலின் நகலையும் இணையுங்கள். வழக்குப் போடும் காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறு. அதனால் கடைசி வீடியோ கொடுத்த தேதியோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். நடுவில் அவர்கள் சிறு தொகை அனுப்பி, 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்று ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்டால், அந்த வாசகத்தை அடித்துவிட்டு, 'பகுதித் தொகை பெற்றேன்' என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.