எழுப்பும் ஊசிக்குப் பிறகும் தூக்கம் ஏன்?

"அட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கிறோம். எண்டொஸ்கோபி செய்ய அம்மாவை மயக்கி, பிறகு ஓர் ஊசி போட்டு எழுப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் மறுபடி தூங்கிவிட்டார், எழுப்பப் பெரும்பாடு. போட்ட ஊசி போலியா?"

போலியாக இருந்திருந்தால் அம்மா முதலிலேயே விழித்திருக்க மாட்டார். நீங்கள் இணைத்த அட்டையில் மயக்க மருந்தாக டயஸ்பாமும், காலை 10 மணிக்கு எழுப்பும் மருந்தாக ஃப்ளூமசெனிலும் எழுதப்பட்டுள்ளன.

மூளையை அடக்கும் இரசாயனமான கபா, நரம்புக் கலத்தின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டும்போது, குளோரைட் நுழையும் வாயில் திறந்து கலம் அமைதியாகிறது. டயஸ்பாம் கபாவின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் அமர்ந்து, அந்த வாயில் இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. ஃப்ளூமசெனில் அந்த இடத்துக்குத்தான் போட்டியிடுகிறது. பஸ் இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, தான் எந்த வேலையும் செய்யாமல் டயஸ்பாமை உட்காரவிடாமல் தடுக்கிறது. ஓரிரு நிமிடங்களில் நோயாளி கண் திறக்கிறார். ஆனால் டயஸ்பாம் உடலை விட்டுப் போகவில்லை, இடமின்றி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ளூமசெனில் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். டயஸ்பாம் பாதியாகக் குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே 12 மணியளவில் அம்மாவிடம் ஃப்ளூமசெனிலில் ஏறத்தாழ கால்பங்கே மிஞ்சியிருக்கும். காலியான இடங்களில் டயஸ்பாம் மறுபடி அமர்ந்துகொண்டது. ஊசிக்குப் பின் குறைந்தது இரண்டு மணி நேரமும், டயஸ்பாம் போன்ற நீண்ட மருந்துக்கு இன்னும் கூடுதலாகவும் அவரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கட்டிலைக் காலியாக்கும் அவசரத்தில் அதைச் செய்யாமல் விடுவது எனக்குச் சலித்துப்போன கதை. வாசலில் நின்று "பகல் பஸ்ஸுக்கே அனுப்பிவிடலாம்" என்று ஆள் பிடிக்கும் தரகர்கள் அந்த அவசரத்தைத்தான் விற்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. அம்மா பல மாதங்களாக இரவில் தூக்க மாத்திரை விழுங்குபவர் என்றால், அவருடைய மூளை அந்த மாத்திரைக்குப் பழகியிருக்கும். ஃப்ளூமசெனில் அதைத் திடீரென அகற்றும்போது வலிப்பு வரலாம். சீட்டின்றிக் காகித உறையில் கொடுக்கப்படும் பெயரில்லாச் சின்ன மாத்திரைகளைப் பலர் தூக்க மாத்திரை என்றே கருதுவதில்லை, "நரம்புக்கு" என்பார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள், உறையையே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இனி இப்படி நேர்ந்தால், பெயர் சொல்லி உலுக்கியும் பதிலில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால், பக்கவாட்டில் கிடத்தி உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். டயஸ்பாம் போட்ட நேரத்தையும் ஃப்ளூமசெனில் போட்ட நேரத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.